தீபாவளிச் சரக்கு: தள்ளுபடிக்கு முன் மிச்சத்தைக் கணக்கிடுங்கள்

கேள்வி: ஐயா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அப்பா காலத்திலிருந்து துணிக்கடை நடத்துகிறோம். இந்தத் தீபாவளிக்குக் கையில் 90,000 ராண்ட் இருக்கிறது. போன வருஷச் சேலை 40 அப்படியே கிடக்கிறது. பெரிய கடைகளைப் போல ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ போடலாமா? புதுச் சரக்கு எவ்வளவு எடுப்பது?

பதில்: இலவசம் வேண்டாம். நீங்கள் வாட் கட்டும் கடை என்றே வைத்துக்கொள்கிறேன். 575 ராண்ட் விலை எழுதிய சேலையில் 75 ராண்ட் வாட்டுக்குப் போய்விடும். உங்களுக்கு வருவது 500. கொள்முதல் 300 என்றால் லாபம் 200. அதே விலைக்கு இரண்டு சேலை கொடுத்தால் வரவு 500, அடக்கம் 600. ஒவ்வொரு ஜோடிக்கும் 100 ராண்ட் நஷ்டம். இருபது சதவீதத் தள்ளுபடியும் பார்க்கிற அளவுக்குச் சின்னதல்ல. விலை 460 ஆகிறது, வாட் போக 400, லாபம் 100. பழைய லாபத்தை எட்டவே இரண்டு மடங்கு விற்றாக வேண்டும். பெரிய கடைகள் மில்லிடம் வாங்கும் விலையே வேறு, அவர்களோடு இதில் போட்டி போட முடியாது.

பழைய 40 சேலைக்கு வேறு வழி இருக்கிறது. புதுச் சேலை ஒன்றை முழு விலைக்கு எடுப்பவருக்கு, பழையதில் ஒன்று 230 ராண்டுக்கு என்று போடுங்கள். புதியதில் 200 லாபம் குறையாமல் நிற்கும், பழையதில் வாட் போக 200 கைக்கு வரும். அதற்கு 300 கொடுத்தது போன வருஷக் கதை. இன்று அது எவ்வளவு பணமாக மாறும் என்பதுதான் கேள்வி. நாற்பதும் போனால் 8,000 ராண்ட். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் ‘40 சேலை மட்டும்’ என்றும் கடைசித் தேதியையும் எழுதிவிடுங்கள். கைவசம் எத்தனை இருக்கிறது என்று சொல்லாமல் விளம்பரம் செய்துவிட்டுச் சரக்கு தீர்ந்தது என்று கைவிரித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சிக்கல் உங்களுக்குத்தான்.

இனி 90,000. அதில் 10,000-ஐத் தொடாதீர்கள், 5,000 விளம்பரத்துக்கு. மீதி 75,000-ஐ ஒரே தடவையில் போடாமல், ஆறேழு வாரம் முன்னால் 50,000-க்கு எடுங்கள். மீதி 25,000, தீபாவளிக்கு முந்தைய சம்பள வாரம் முடிந்த பிறகு. நம் ஊரில் வாங்குகிற கூட்டம் 25-ஆம் தேதியிலிருந்து மாத முதல் வாரம் வரைதான் வரும். அந்த வாரத்தில் ஒரு டிசைனில் பாதி போயிருந்தால் திரும்ப எடுக்கலாம். கால்வாசிகூடப் போகவில்லை என்றால் விலையை அப்போதே குறையுங்கள், பண்டிகைக்குப் பிறகு அதைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ஒன்று கவனம்: இரண்டாம் கொள்முதல் டர்பன் மொத்த வியாபாரியிடம் உடனே கிடைக்கும் சரக்காக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கப்பலில் வருவது அதற்குள் வந்து சேராது.

எதை அதிகம் எடுப்பது என்பதற்கு ஒரே சோதனை: தீபாவளி கழிந்தால் அடுத்து இது எப்போது விற்கும்? மஞ்சள் பருத்திச் சேலையும் வேட்டியும் மீந்தால் தைப்பூசக் காவடிக்குப் போகும், அதுவும் தவறினால் சித்திரைக் காவடி இருக்கிறது. பட்டுக்குக் கல்யாணம் உண்டு. ஆனால் குழந்தை உடையும் பாசி வேலை செய்த பஞ்சாபி செட்டும் அப்படியல்ல. அளவு உடைந்து, இரண்டு வயதும் பன்னிரண்டு வயதும் மட்டும் மிஞ்சினால் அதை யாரிடம் விற்பது? இந்த ரகத்துக்கு மொத்தம் 15,000-க்கு மேல் போடாதீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தேங்கினாலும் 5,000 தான், உங்கள் 10,000 அதைத் தாங்கும்.

பொருளை எடுத்து வைக்கச் சொல்லி, தவணையில் பணம் கட்டி முடித்த பிறகு வாங்கிப்போகும் லே-பை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டிலேயே தொடங்கினால் எந்த நிறம், எந்த விலை ஓடும் என்பது கொள்முதலுக்கு முன்பே தெரிந்துவிடும். தவறு நடப்பது வேறிடத்தில்: வந்த முன்பணத்தை எடுத்துச் சரக்கு வாங்கிவிடுவார்கள். பொருளைக் கையில் கொடுக்கும்வரை அந்தப் பணம் வாடிக்கையாளருடையது, பொருள் கெட்டாலும் தொலைந்தாலும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் தவறால் அதையோ அதற்கு ஈடானதையோ கொடுக்க முடியாமல் போனால், அவர் கட்டியதைப் போல இரண்டு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அதனால் தனிக் கணக்கு, தனி அலமாரி, ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர்ச் சீட்டு. எடுத்து வைத்த சேலையைக் கூட்ட நேரத்தில் வேறொருவருக்கு விற்றுவிடுவது குடும்பக் கடைகளில் சாதாரணமாக நடப்பது. அலமாரிச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

மிஞ்சிய குழந்தை உடைகளை அடக்க விலைக்கே தள்ளிவிட நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே இருக்கிறது, அதுவும் சம்பள நேரம்தான். பட்டையும் மஞ்சள் பருத்தியையும் அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள்.