கண்டுபிடிப்பாளர் அறிமுகத்தில் காப்புரிமை விவரத்தை எப்படிச் சரியாக எழுதுவது?

கேள்வி: "என் அண்ணன் உருவாக்கிய இயந்திரத்துக்கு இணையத்தில் விற்பனைப் பக்கம் தயாராகிறது. அதில் அவரைப் பற்றிய குறிப்பில் காப்புரிமை விண்ணப்பங்களையும் இயந்திரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் தப்பில்லாமல் எழுத வேண்டும். 'காப்புரிமை பெற்றவர்' என்று போடலாமா?"

காப்புரிமை வழங்கப்பட்டு, அதற்கான எண் கைக்கு வந்த பிறகு மட்டும் போடலாம். அதுவரை போடக்கூடாது. சிறு தொழில் செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட பக்கங்களை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. சேலம் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்குத் தோல் சீவும் இயந்திரம் செய்தவர் ஒருவருக்கு எழுதியபோது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் அண்ணனின் கணக்கும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அவர் தாமே எழுதி வைத்திருந்த குறிப்பு, "மூன்று காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர்" என்று தொடங்கியது. காகிதங்களைக் கேட்டேன். ஒரு நெகிழிக் கோப்பில் மூன்று இருந்தன. முதலாவது 2022 மார்ச்சில் தாக்கல் செய்த தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது முழு விவரத்துக்கு முன்னால் கண்டுபிடிப்பை விவரித்துக் கொடுப்பது. இரண்டாவது 2023 மார்ச் தொடக்கத்தில் கொடுத்த முழு விவரக்குறிப்பு. மூன்றாவது, கிழங்கு கொட்டும் வாயின் உருவத்துக்கான வடிவமைப்புப் பதிவுச் சான்றிதழ்.

முதல் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விண்ணப்ப எண்ணைப் படிக்கச் சொன்னேன். இரண்டிலும் ஒரே எண். நம் நாட்டில் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். கொடுத்தால் அதே எண்ணில்தான் தொடரும். ஆக அந்த இரண்டும் ஒரே விண்ணப்பம். வடிவமைப்புப் பதிவு 2000ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ் வருவது. அது பொருளின் தோற்றத்தை மட்டும் காக்கும். இயந்திரம் வேலை செய்யும் முறையைக் காக்காது. அதனால் அவரிடம் உண்மையில் இருந்தவை ஒரு காப்புரிமை விண்ணப்பமும் ஒரு வடிவமைப்புப் பதிவும். காப்புரிமை என்று ஒன்றுகூட இல்லை. அவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். அரசு முத்திரையோடு மூன்று காகிதம் வந்தது, மூன்று என்று எண்ணிக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த விண்ணப்ப எண்ணை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது 12 இலக்கம். 202241 என்று தொடங்கினால், முதல் நான்கு இலக்கம் ஆண்டு, அடுத்த 4 சென்னை அலுவலகம், அதற்கடுத்த 1 சாதாரண விண்ணப்பம். காப்புரிமை வழங்கப்படும்போது வேறொரு எண் தருவார்கள். விண்ணப்ப எண்ணைக் காட்டி "காப்புரிமை எண்" என்று எழுதுவதுதான் நான் அதிகமாகப் பார்க்கும் பிழை. எண்ணைப் பார்த்தவுடனே விஷயம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அண்ணனின் நினைவை நம்பி எழுதாதீர்கள். காப்புரிமை அலுவலகத்தின் InPASS தேடல் பக்கத்தில் எண்ணைக் கொடுத்து நிலையைப் பாருங்கள். தாக்கல் செய்து ஏறத்தாழ 18 மாதம் கழிந்ததும் விண்ணப்பம் அலுவலக இதழில் வெளியாகும். சிலர் இந்த வெளியீட்டையே காப்புரிமை கிடைத்ததாக நினைத்து இனிப்பு வழங்கிவிடுகிறார்கள். வெளியீடு என்பது ஊருக்கு அறிவிப்பது மட்டும்தான். ஆய்வு செய்யும்படி தனியாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும். 2024 மார்ச் திருத்தத்துக்குப் பின் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு, முதல் தாக்கலிலிருந்து 31 மாதம் கெடு. அதற்கு முன் 48 மாதமாக இருந்தது. கெடு தாண்டினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். அதற்குப் பிறகும் பக்கத்தில் "விண்ணப்பம் நிலுவையில்" என்று இருந்தால் அது பொய்யான வரி.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை அன்று. காப்புரிமைச் சட்டத்தின் 120ஆவது பிரிவு, விற்கும் பொருளுக்கு இந்தியாவில் காப்புரிமை இருப்பதாகவோ விண்ணப்பம் இருப்பதாகவோ பொய்யாகக் காட்டுவதைத் தண்டிக்கிறது. அபராதம் முன்பு ஒரு லட்சம் வரை இருந்தது. இப்போது பத்து லட்சம் வரை போகலாம். நாட்டின் பெயரைச் சொல்லாமல் "காப்புரிமை பெற்றது" என்று மட்டும் எழுதினால், இந்தியாவில் பெற்றதாகவே அந்தப் பிரிவு பொருள்கொள்ளும். ஆகவே நாட்டின் பெயரை எழுதுங்கள். "உலகக் காப்புரிமை" என்று ஒன்று கிடையவே கிடையாது. பன்னாட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தாலும், பின்னர் நாடு நாடாகப் போய்த்தான் பெற வேண்டும்.

இயந்திரத்தின் கட்டத்துக்கு வருகிறேன். சேலத்துக்காரர் "முழுமையாகச் சோதிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தார். எங்கே, எத்தனை நாள், எவ்வளவு கிழங்கு என்று கேட்டேன். முதல் மாதிரி அவருடைய பட்டறையிலேயே ஓடியது. இரண்டாம் மாதிரி ஒரு ஜவ்வரிசி ஆலையில் 20 நாள் ஓடியது. ஒரு தடவைக்கு 50 கிலோ. அளவுகளைக் குறித்தவர் அவரே, வெளி ஆய்வகம் எதுவும் இல்லை. இந்த விவரங்களை அப்படியே எழுதினோம். ஆலைக்காரர்கள் வாங்க வரும்போது கேட்கப்போவதும் இதைத்தான். ஒரு கல்லூரியின் தொழில் வளர்ப்பகத்தில் இடம் கிடைத்திருந்ததை "கல்லூரி அங்கீகாரம்" என்று எழுதியிருந்தார். இடம் கொடுத்தவர்கள் இயந்திரத்தைச் சோதித்துச் சான்று தரவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம்.

இன்னொன்று பலருக்கும் தோன்றுவதில்லை. விண்ணப்பத்தில் விவரித்தது கம்பி உருளையால் தோல் சீவும் முறை. இரண்டாம் மாதிரியில் அதை ரப்பர் உருளையாக மாற்றியிருந்தார். எதற்கெல்லாம் உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் உரிமைக்கோரிக்கைகள் விற்கும் இயந்திரத்தைத் தழுவுகின்றனவா என்று அவருடைய காப்புரிமை முகவரிடம் கேட்காமல் அந்த வரியை எழுத நான் ஒப்பவில்லை. உருளையின் பொருள் இன்னதென்று கோரிக்கையில் கட்டுப்படுத்தாததால் தழுவும் என்று பதில் வந்தது. உருளைகளைத் தானாகச் சுத்தம் செய்யும் புது அமைப்பு ஒன்றையும் அவர் பெருமையோடு பக்கத்தில் போடச் சொன்னார். அதற்கு இன்னும் விண்ணப்பமே கொடுக்கவில்லை. தாக்கலுக்கு முன் தாமே வெளியில் சொல்லிவிட்டால் அதன் புதுமை போய்விடும், பிறகு காப்புரிமை கேட்க முடியாது. அந்தப் பத்தியை முழுவதும் நீக்கினோம்.

கடைசியில் பக்கத்தில் போன குறிப்பு இதுதான். எண்களையும் பெயரையும் மட்டும் இங்கே நீக்கியிருக்கிறேன்:

"மரவள்ளித் தோல் சீவும் இயந்திரத்தை வடிவமைத்தவர். இதற்கான இந்தியக் காப்புரிமை விண்ணப்பம் (எண் …) 2022 மார்ச்சில் தாக்கலாகி, 2023இல் வெளியிடப்பட்டது. முதல் ஆய்வு அறிக்கைக்கு 2025 ஏப்ரலில் பதில் தரப்பட்டது. காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை. கொட்டும் வாயின் தோற்றம் இந்தியாவில் வடிவமைப்பாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது (எண் …). இரண்டாம் மாதிரி ஒரு ஜவ்வரிசி ஆலையில் 20 நாள், ஒரு தடவைக்கு 50 கிலோ வீதம் இயக்கப்பட்டது. அளவுகள் தயாரிப்பாளர் எடுத்தவை. தொடர் உற்பத்தி தொடங்கவில்லை, முன்பதிவு பெறப்படுகிறது. நிலவரம்: 2025 ஜூன்."

கடைசியில் உள்ள மாதத்தை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை InPASSஇல் பார்த்து அதை மாற்றுங்கள். காப்புரிமை வழங்கப்பட்ட அன்று "விண்ணப்பம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, புதிதாக வரும் காப்புரிமை எண்ணையும் ஆண்டையும் எழுதுங்கள். எண் இல்லாமல் வெறுமனே "காப்புரிமை பெற்றது" என்று பொறித்திருந்தால், நகல் எடுத்தவர் தமக்குத் தெரியாது என்று சொல்லி இழப்பீட்டிலிருந்து தப்பிக்க 111ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே அந்த எண் பக்கத்தில் மட்டும் இல்லாமல், இயந்திரத்தின் பெயர்த்தகட்டிலும் இருக்க வேண்டும்.