பலகையில் 12 ரேண்ட், இயந்திரத்தில் 18 ரேண்ட்: பார்க்கிங் கட்டணத்தை எப்படிக் கேள்வி கேட்பது?

கேள்வி: டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவைச் சேர்த்திருக்கிறோம். பார்க்கிங் வாசலில் ‘முதல் 30 நிமிடம் இலவசம், 2 மணி நேரம் வரை 12 ரேண்ட், 4 மணி நேரம் வரை 18 ரேண்ட்’ என்று பலகை இருக்கிறது. ஒருநாள் 40 நிமிடத்தில் கிளம்பியும் 12 ரேண்ட் கேட்டது. இன்னொரு நாள் 2:05க்கு நுழைந்து 4:02க்குப் பணம் கட்டினேன். 18 ரேண்ட் பிடித்துவிட்டது. மாலில் பில் காட்டினால் பார்க்கிங் இலவசம் என்றும் சொல்கிறார்களே? யாரிடம் புகார் செய்வது? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: முதல் நாள் வாங்கியது சரி, இரண்டாம் நாள் வாங்கியது தவறு. தென்னாப்பிரிக்காவில் இத்தனை நிமிடம் இலவசமாக விட வேண்டும் என்று மால்களையோ மருத்துவமனைகளையோ கட்டாயப்படுத்தும் நாடளாவிய சட்டம் இல்லை. இலவச நேரம் அந்த இடத்தை நடத்துபவர் தரும் சலுகைதான். அதைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் நுழைந்த நிமிடத்திலிருந்தே கணக்கு தொடங்கும். 40இல் 30ஐக் கழித்து 10 நிமிடத்துக்கு மட்டும் வாங்க மாட்டார்கள். பில் காட்டினால் இலவசம் என்பது 2018இல் தெலங்கானா அரசு மால்களுக்குப் போட்ட உத்தரவு. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி இங்கேயும் வந்துவிடுகிறது, இங்கே செல்லாது. கடையோ வார்டோ டிக்கெட்டில் முத்திரை வைத்துத் தரும் சலுகை சில இடங்களில் உண்டு. அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். அம்மா பல நாள் தங்குவதால், வாராந்தர அட்டை இருக்கிறதா என்று வரவேற்பில் விசாரிப்பதும் நல்லது.

இரண்டாம் நாளில் நீங்கள் நின்றது 1 மணி 57 நிமிடம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 23, எழுதிவைத்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு விலை தெரிந்தால் குறைந்ததுதான் விலை. வாசலில் பழைய பலகை, இயந்திரத்தில் புதிய விலை என்பதுதான் அடிக்கடி நடக்கும் தகராறு. அங்கே இந்த விதி உங்கள் பக்கம். பழைய விலையை முழுதாக மறைத்துப் புதியதை ஒட்டியிருந்தால் புதியதுதான் செல்லும். யார் பார்த்தாலும் தெரியும் எழுத்துப்பிழையைத் திருத்தி, வருபவர்களுக்குத் தெரியும்படி அறிவித்துவிட்டாலும் பழைய விலையைப் பிடித்துக்கொள்ள முடியாது.

தவறு எங்கே நடந்தது என்பதை ரசீதே காட்டிக்கொடுக்கும். டிக்கெட்டில் 2:05 என்றும் ரசீதில் நுழைந்த நேரம் 1:58 என்றும் இருந்தால், வாசல் இயந்திரத்தின் கடிகாரமும் பணம் வாங்கும் இயந்திரத்தின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் நுழைந்த நேரம் 2:05, கட்டிய நேரம் 4:02 என்றே இருந்தும் 18 ரேண்ட் விழுந்திருந்தால், கட்டணப் பட்டியலையே இயந்திரத்தில் தவறாக ஏற்றியிருக்கிறார்கள். பணம் கட்டிய பின் வெளியேறத் தரும் சில நிமிடங்களைத் தாண்டிவிட்டு மறுபடி கட்டியது என்றால், அது வேறு கதை; அந்த அவகாசம் எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே நுழையும்போதே பலகையையும் டிக்கெட்டையும் படம் எடுங்கள். பணம் கட்டும் முன் திரையில் தெரியும் தொகையைப் பாருங்கள். தவறாக இருந்தால் இயந்திரத்தில் உள்ள உதவிப் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள். பல இடங்களில் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே தொகையை மாற்ற முடியும். அவர்கள் மறுத்து, பின்னால் வண்டிகளும் நின்றால், கட்டிவிட்டு ரசீதுப் பொத்தானை அழுத்துங்கள். நடந்த பரிவர்த்தனைக்கு எழுத்தில் ரசீது தருவது, அதே சட்டத்தின் பிரிவு 26 விதிக்கும் கடமை. அந்த ரசீதின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றே படம் எடுத்து வையுங்கள்.

தடுப்புக் கம்பத்தருகே நிற்கும் காவலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. பார்க்கிங்கை நடத்தும் நிறுவனத்தின் பெயர் ரசீதில் இருக்கும். அவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில், டிக்கெட் எண், நுழைந்த நேரம், கட்டிய நேரம், கட்டிய தொகை, பலகைப்படி வரவேண்டிய தொகை, திருப்பித் தர வேண்டிய 6 ரேண்ட் ஆகியவற்றை எழுதிப் படங்களை இணையுங்கள். முந்தைய வருகைகளின் ரசீதுகளிலும் இதே பிழை இருந்தால் அவற்றையும் சேருங்கள். கட்டணப் பட்டியல் தவறு என்றால் எல்லா நாளும் அதே தவறுதான் நடந்திருக்கும், ஒரு ரசீதைவிட ஐந்து ரசீதுக்கு மதிப்பு அதிகம்.

15 வேலை நாள் பொறுத்திருங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சி.ஜி.எஸ்.ஓ. எனப்படும் நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் www.cgso.org.za தளத்தில் புகார் பதியுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்திடம் முதலில் கேட்டீர்களா என்பதைத்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள். அந்த மின்னஞ்சலே அதற்குச் சான்று. அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கோ குவாசுலு-நட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ போகலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டு கடந்த புகாரை நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக முடியாது.