புதியவரை வரவேற்கும் பதிவு: சிறு நிறுவனங்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். திங்கட்கிழமை பத்தாவதாக ஒருவர் சேர்கிறார். வரவேற்புப் பதிவு எழுத உட்கார்ந்தால், திருமண வாழ்த்து மடல் போலத்தான் வருகிறது. என்ன எழுதுவது?

பதில்: அந்தப் பதிவை முதலில் படிக்கப்போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கும் ஒன்பது பேர். திங்கட்கிழமை முதல் தங்கள் வேலையில் என்ன மாறும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டும். அதைச் சொல்லிவிட்டால் வாழ்த்து மடலின் வாடை தானாகவே போய்விடும்.

நான் உதவிய ஒரு பதிவையே எடுத்துக்கொள்வோம். கோவையில், நூற்பாலைகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு சிறு நிறுவனம் அது. வாடிக்கையாளர்களின் அழைப்புகளை அதுவரை நிரல் எழுதும் இருவரே முறைவைத்து எடுத்துவந்தார்கள். அந்த வேலைக்கென்றே முதன்முறையாக ஒரு பெண்ணை நியமித்தார்கள். நிறுவனர் எழுதிய முதல் வரைவில் ‘திறமையானவர்’, ‘உற்சாகமானவர்’, ‘எங்கள் குடும்பத்தில் இணைகிறார்’ என்ற மூன்றும் இருந்தன. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் வரிகள் அவை.

‘இவரைத்தான் எடுக்கவேண்டும் என்று எந்த நிமிடத்தில் முடிவு செய்தீர்கள்?’ என்று நிறுவனரிடம் கேட்டேன். நேர்காணலில், ஓர் ஆலையிலிருந்து வந்த பழைய புகார் அழைப்பின் பதிவை அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நூல் கோன்களின் இருப்பு நாள்தோறும் பொருந்தவில்லை என்பது புகார். அவர் கேட்டுமுடித்து, ‘இரவு ஷிப்டின் எடையை எப்போது பதிகிறார்கள்? பன்னிரண்டு மணிக்கு முன்பா, பின்பா?’ என்றாராம். உண்மையான காரணமும் அதுதான்: நள்ளிரவுக்குப் பிறகு பதிந்தவை மறுநாள் தேதியில் போய் உட்கார்ந்திருந்தன. அதைக் கண்டுபிடிக்க நிறுவனத்துக்கு அப்போது இரண்டு நாள் ஆகியிருந்தது. இந்த நிகழ்ச்சியை எழுதுங்கள், மற்றதை அழித்துவிடுங்கள் என்றேன். இறுதியில் பதிவு ஏறத்தாழ இப்படி அமைந்தது:

> திங்கட்கிழமை, 3ஆம் தேதி, இன்னார் வாடிக்கையாளர் ஆதரவுப் பணியில் நம்முடன் சேர்கிறார். நேர்காணலில் நாம் போட்டுக்காட்டிய ‘இருப்புப் பொருந்தவில்லை’ அழைப்பைக் கேட்டுவிட்டு, இரவு ஷிப்டின் பதிவு நேரத்தை அவர் முதலிலேயே விசாரித்தார். முதல் இரண்டு வாரம் அவர் அழைப்புகளைக் கேட்க மட்டும் செய்வார். பதில் சொல்வது இப்போதுபோல நீங்கள் இருவரும்தான். 17ஆம் தேதி முதல் காலை 9.30 மணியிலிருந்து அழைப்புகள் அவருக்குப் போகும். இதுவரை நீங்கள் இருவரும் எழுதிவைத்த குறிப்புகளே அவருக்குப் பாடநூல். விடுபட்டதை இந்த வாரம் சேர்த்துவிடுங்கள். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் என்பதால், அதற்கு முந்தைய இரண்டு வேலை நாளும் அவருக்கு வேறு பயிற்சி வைக்கவேண்டாம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டி கணக்கு. ஆலைகளின் கணக்காளர்கள் அதன் கடைசி நாளை ஒட்டித்தான் அதிகம் அழைப்பார்கள். புதியவர் வந்த எட்டாம் நாளே அந்த நெரிசலைப் பார்க்கப்போகிறார் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தது அந்த வரிதான்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? அவருடைய சுயவிவரத்தைச் சுருக்கி, படிப்பு, அனுபவம், பொழுதுபோக்கு என்று போட்டாலே போதுமே.

பதில்: பாதி சரி. முன் அனுபவம் இப்போதைய வேலையைத் தொடும் இடத்தில் ஒரு வரி வேண்டும். ‘முன்பு நூல் வணிகரிடம் கணக்கு எழுதியவர்’ என்பது ஆலைப் புகார்களை எடுப்பவரைப் பற்றிப் பயனுள்ள செய்தி. ஆனால் முழு விவரத்தையும் அடுக்கினால் இன்னொன்று நடக்கும். அதுவரை அந்த வேலையைப் பார்த்தவர், ‘அப்படியானால் நாங்கள் இதுவரை செய்தது என்ன?’ என்று நினைப்பார். மேலே சொன்ன பதிவில் ‘நீங்கள் எழுதிவைத்த குறிப்புகளே பாடநூல்’ என்ற வரியைச் சேர்த்ததற்குக் காரணம் அதுவே. பொழுதுபோக்கை அவரே சொல்லியிருந்தால் எழுதுங்கள். நீங்களாக முகநூலில் தேடி எடுக்காதீர்கள்.

கேள்வி: என் அனுபவம் வேறு. என்னை வரவேற்ற பதிவில் என் தலைப்பெழுத்தை விரித்து எழுதிவிட்டார்கள். ஆறு மாதம் எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரால் அழைத்தார்கள். திருத்தவும் கூச்சமாக இருந்தது.

பதில்: உங்கள் தவறில்லை. சான்றிதழில் உள்ள பெயரைப் படிவத்தின் ‘கடைசிப் பெயர்’ கட்டத்துக்குள் திணிக்கும்போது நம்மூர்ப் பெயர்கள் இப்படித்தான் புரண்டுவிடுகின்றன. பிறகு மின்னஞ்சல் முகவரியும் அதே பெயரில் உருவாகிவிடும். அதை மாற்றுவது பதிவைத் திருத்துவதைவிடக் கடினம். ஆகவே முகவரி உருவாக்கும் முன்பே, ‘உங்களை எப்படி அழைக்கவேண்டும், எப்படி எழுதவேண்டும்’ என்ற கேள்வியைப் புதியவருக்கு அனுப்பிவிடவேண்டும். எழுதிய பதிவையும் அவருக்கு ஒருமுறை காட்டிவிட்டு வெளியிடுவது நல்லது.

கேள்வி: சம்பளம், தகுதிகாண் காலம் இதையெல்லாம் இப்படி அன்பான நடையில் எழுதினால் சட்டப்படி செல்லுமா?

பதில்: நீங்கள் கேட்பது நியமனக் கடிதத்தைப் பற்றி, அது வேறு தாள். அதன் ஒரு சொல்கூட வரவேற்புப் பதிவில் வரக்கூடாது, சம்பளம் அறவே கூடாது.

கேள்வி: லிங்க்ட்இனில் எப்போது அறிவிக்கலாம்? எங்கள் முதலீட்டாளர் இந்த வாரமே போடச் சொல்கிறார்.

பதில்: புதியவர் உங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த பிறகு. நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், புதியவருக்குப் பழைய வேலையில் அறிவிப்புக் காலம் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே நாங்கள் ஆர்வத்தில் படத்துடன் போட்டுவிட்டோம். விலகுவதைத் தன் குழுவினரிடம் அவர் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார். விடுவிப்புக் கடிதம் கைக்கு வருவதற்குள் அவர் பட்ட பாடு எங்களால் வந்தது. உள்ளே அனுப்பிய பதிவை வெளியே அப்படியே எடுத்துப் போடவும் வேண்டாம். நேர்காணல் கதையில் வாடிக்கையாளரின் புகார் இருக்கிறது.

கேள்வி: மனிதவளத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த நேர்காணல் கதையில் எனக்கு உடன்பாடில்லை. முதல் நாளே ‘கெட்டிக்காரி’ என்ற பெயர் வந்துவிட்டால், அடுத்த வாரம் எளிய சந்தேகத்தைக் கேட்கவே அவர் தயங்குவார். நான் பார்த்திருக்கிறேன்.

பதில்: இதை நான் மறுக்கமாட்டேன். அந்தப் பதிவில் ‘முதல் இரண்டு வாரம் கேட்க மட்டும் செய்வார்’ என்ற வரி ஓரளவு தடுப்பாக இருந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் கூச்சமுள்ள ஒருவருக்கு அது போதாமல் போகலாம். நீங்களாக இருந்தால் கதையை விட்டுவிடுவீர்கள். நான் அவரிடமே கேட்டுவிட்டு வைத்துக்கொள்வேன். எது சரி என்பது ஆளைப் பொறுத்தது என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: முதலில் கேட்டவன் நான்தான். வரைவு தயார். சேருகிறவருக்குச் சிறு குழந்தை இருப்பதால் மாலை நான்கரைக்குக் கிளம்புவார். ‘ஒரு குழந்தையின் தாய்’ என்று எழுதினால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள் அல்லவா?

பதில்: அதை எழுதாதீர்கள். ‘மாலை 4.30க்குப் பிறகு வரும் அழைப்புகளை இன்னார் எடுப்பார்’ என்று பெயரோடு எழுதுங்கள். மற்றவர்களுக்குத் தேவையான செய்தி அவ்வளவுதான். குழந்தையைப் பற்றி அவர் சொல்ல விரும்பினால் மதிய உணவின்போது அவரே சொல்லிக்கொள்வார்.