கவுன்டரில் கேட்கப்போவதைக் குறிப்பில் எழுதுங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் ஒரு கூட்டுறவு கடன் சங்கத்தில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் முதல் நகைக்கடன் வட்டியை க்யூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். ஊழியர்களுக்கான விளக்கக் குறிப்பில் கேள்வி-பதில் பகுதி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 40 கேள்வி சேர்ந்துவிட்டது. எதை வைப்பது, எதை எடுப்பது?

பதில்: உறுப்பினர் கவுன்டரில் நின்று கேட்கக்கூடியதை மட்டும் வையுங்கள். 'இச்சேவையின் நன்மைகள் யாவை?' போல நாமே கேட்டுக்கொள்பவை வேண்டாம்; அதற்குக் குறிப்பின் முதல் பத்தி போதும். 12 கேள்வி நின்றால் சரி. சந்தேகம் இருந்தால் ஒரு காலைப் பொழுது கேஷியர் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

'பரிவர்த்தனை தோல்வியுற்றால் நடவடிக்கை என்ன?' என்று எழுதினால் அவசரத்தில் யார் கண்ணிலும் படாது. ஊழியர் காதில் விழப்போவது இதுதான்: 'என் கணக்கில் பணம் பிடிச்சாச்சு, இங்கே வரலைன்னு சொல்றீங்க. மறுபடி கட்டணுமா?' பதிலில் முடிவு முதலில் வரட்டும்:

"இப்போது மறுபடி கட்ட வேண்டாம். உங்கள் போனில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். எங்களுக்கு வந்து சேராவிட்டால் 5 நாளுக்குள் பணம் உங்கள் கணக்குக்கே திரும்ப வேண்டும். திரும்பிய பிறகு கட்டினால் போதும்."

இந்த 5 நாள், வணிகர்களுக்குச் செலுத்தும் யுபிஐ பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019-இல் வைத்த கெடு. விடுமுறையும் அதில் சேரும். தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. ஆனால் தனிநபர் கணக்குக்கு அனுப்புவதுபோல் பதிவானால் கெடு மறுநாளே. உங்கள் க்யூஆர் எந்த வகை என்று வங்கிக் கிளையில் கேட்டபின் எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

அப்புறம், இந்தப் பதிலைக் கேஷியரிடம் படித்துக் காட்டுங்கள். உடனே அடுத்தது வரும்: 'இன்னிக்குத்தான் கடைசி நாள். பணம் நடுவிலே நிக்குது. அபராத வட்டி போடுவீங்களா?' இங்கேதான் பெரும்பாலான குறிப்புகள் 'விதிகளின்படி' என்று எழுதி நழுவுகின்றன. நிர்வாகம் இன்னும் முடிவே செய்திருக்காது என்பதுதான் காரணம். அப்படியே விட்டால் ஒரு கேஷியர் தள்ளிவிடுவார், இன்னொருவர் வசூலிப்பார். சோனாங்குப்பத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு ரசீதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், சங்கத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

குறிப்பை முடிக்கும் முன்பே செயலாளரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். தாமதமாக வந்து சேர்ந்த பணத்துக்கு எது கட்டிய நாள்: அனுப்பியதா, வரவானதா? திரும்பிப்போய் மறுபடி கட்டிய பணத்துக்கு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதற்குள் கிடைக்காவிட்டாலும் கேள்வியை எடுக்காதீர்கள். 'முடிவு வரும்வரை அபராத வட்டி போடும் முன் செயலாளரிடம் காட்டவும்' என்று, அவர் ஒப்புதலோடு எழுதுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் குறிப்பைப் பார்த்திராத ஓர் ஊழியரிடம் கொடுத்து, கேள்விகளை வரிசை மாற்றிக் கேளுங்கள். பதிலைத் தேடி அவர் விரல் அரை நிமிடத்துக்கு மேல் அலைந்தால், அந்தக் கேள்வியின் சொற்களை மாற்றுங்கள்.