பரிந்துரையில் என்ன எழுதுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என்னோடு மூன்று வருடம் வேலை பார்த்த நண்பருக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. லிங்க்ட்இன்னில் ஒரு பரிந்துரை எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். “கடின உழைப்பாளி, எப்போதும் உற்சாகமாக இருப்பவர், எல்லோரோடும் ஒத்துப்போகிறவர், எந்த நிறுவனத்துக்கும் பெரிய சொத்து” என்று மனமார எழுதினேன். நன்றி சொன்னார், ஆனால் இன்னும் தன் பக்கத்தில் சேர்க்கவில்லை. நான் அவருக்கு மேலாளர் இல்லை, சக ஊழியன்தான். அதனால் மதிப்பில்லை என்று நினைக்கிறாரா? ஏன் சேர்க்கவில்லை என்று அவரிடமே கேட்கலாமா? குறைகளையும் கொஞ்சம் எழுதியிருந்தால் நம்பகமாக இருந்திருக்குமோ?

ர.

அன்புள்ள ர.,

நண்பர் கேட்டதும் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். வேலை போனவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மேல் கோபமும் வருகிறது. மூன்று வருடம் பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள். அந்த மனிதர் என்ன வேலை செய்தார் என்று பரிந்துரையிலும் இல்லை, எனக்கு எழுதிய கடிதத்திலும் இல்லை. அவர் கணக்கு பார்த்தாரா, மென்பொருள் எழுதினாரா, வாடிக்கையாளர்களிடம் பேசினாரா? நீங்கள் எழுதியதில் பெயரை மட்டும் மாற்றினால் உங்கள் அலுவலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம்.

குறைகளை எழுதுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எல்லோரும் பார்க்கும் இடத்தில் வேலை தேடுகிறவரின் குறையை எழுதி உங்கள் நேர்மையை நிரூபிக்கத் தேவையில்லை. மேலாளர் இல்லையே என்ற கவலையையும் விடுங்கள். பரிந்துரை எழுதும்போது உங்கள் உறவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒரே குழுவில் இருந்தோம் என்பதைத் தேர்ந்தெடுங்கள், போதும். மேலாளர் முடிவைப் பார்ப்பார், பக்கத்தில் இருந்தவர்தான் வேலை நடந்த விதத்தைப் பார்த்திருப்பார்.

நான் பல வருடம் நேர்காணல் எடுத்தவன். வந்தவர்களின் லிங்க்ட்இன் பக்கத்தில் பரிந்துரைகளைப் படித்துவிட்டுத்தான் அறைக்குள் போவேன். பாராட்டு எவ்வளவு என்று நான் பார்ப்பதில்லை. கேள்வி கேட்க ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்ப்பேன். “நீங்கள் கடின உழைப்பாளியாமே” என்று யாரிடமும் கேட்க முடியாது. ஆனால் ஒரே ஒரு சம்பவம் இருந்தால், “அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று தொடங்கலாம். வந்தவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து பேசத் தொடங்குவார். பரிந்துரை எழுதுகிறவர் உண்மையில் அந்த முதல் கேள்வியைத்தான் எழுதிக் கொடுக்கிறார். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு ஒரு பெண் டெஸ்டராக இருந்தார். பணம் செலுத்தும் செயலி ஒன்றில் வேலை. சிலருக்கு ஒரே தொகை இரண்டு முறை பிடிக்கப்பட்டதாகப் புகார்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் புகாரை மூடிவிடுவார்கள். டெவலப்பர்கள் முயன்று பார்த்துவிட்டு, எங்களிடம் அப்படி நடக்கவில்லை என்றார்கள். இவர் யாரும் சொல்லாமலே மூடிய புகார்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் இரண்டாவது பிடித்தம் முதலாவது நடந்த சில நொடிகளில் நடந்திருந்தது. இணைப்பு மோசமான இடத்தில் இருப்பவர்களாக இருக்கும் என்று ஊகித்தார். பிறகு கோரிக்கை போனதும், பதில் வந்து சேர்வதற்குள் இணைப்பைத் துண்டித்துப் பார்த்தார். சர்வர் பணத்தை எடுத்துவிட்டது. பதில் வராததால் செயலி தோல்வி என்று நினைத்து மறுபடி கேட்டது. சர்வர் இன்னொரு முறை எடுத்தது. யார் செய்தாலும் அதே விளைவு வரும்படி படிகளை எழுதிக் கொடுத்தார். அப்புறம் டெவலப்பர்கள் ஒவ்வொரு பணம் செலுத்தலுக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பணம் எடுக்காதபடி சரிசெய்தார்கள்.

அவருக்கு நான் எழுதியது ஏறக்குறைய இது:

“நாங்கள் இருவரும் ஒரே குழுவில் இருந்தோம். பணம் செலுத்தும் நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை, யாரும் கேட்காமலே, பழைய புகார்களைத் தொகுத்துப் பார்த்துச் சோதிக்கத் தொடங்கியவர் இவர். மற்றவர்களால் திரும்ப நிகழ்த்த முடியாத பிழையை ஒவ்வொரு முறையும் நிகழும்படி படிகளாக எழுதித் தந்தார். டெவலப்பர்கள் அதை வைத்துத்தான் சரிசெய்தார்கள். அதன்பின் இணைப்புத் துண்டிப்புச் சோதனை எங்கள் ஒவ்வொரு ரிலீஸிலும் கட்டாயமானது. சிக்கலான பிழைகளைத் துரத்திப் பிடிக்க ஆள் தேடுபவர்கள் இவரிடம் பேசலாம்.”

அவ்வளவுதான். 3000 எழுத்துகள் வரை இடம் கொடுக்கிறார்கள் என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை.

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். வாடிக்கையாளர்களிடம் இரண்டு முறை பணம் பிடித்தோம் என்று நான் எழுதவில்லை. நிறுவனத்தின் பெயரை நாம் எழுதாவிட்டாலும், அவர் எந்த வேலையில் இருந்தபோது என்று தேர்ந்தெடுத்துத்தான் பரிந்துரை போகிறது. அவருடைய பக்கத்திலேயே நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பிழையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுதினால், நல்லது செய்யப்போய் அவரைப் பழைய நிறுவனத்தோடு வம்பில் மாட்டிவிடுவீர்கள். விவரம் வேண்டும் என்று சொல்வது அவர் செய்ததைப் பற்றிய விவரம். தொகை, வாடிக்கையாளர் பெயர், உள்ளே நடந்த சண்டை எதுவும் அதில் சேராது.

இரண்டாவது, ‘சரிசெய்தார்’ என்று எழுதவில்லை. கண்டுபிடித்து நிரூபித்தார், சரிசெய்தது டெவலப்பர்கள். அன்பு மிகுதியில் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். “தனி ஆளாகத் தீர்த்தார்” என்று எழுதிவிட்டால் என்னைப் போன்ற ஒருவன், “சர்வர் பக்கம் என்ன மாற்றினீர்கள்?” என்றுதான் கேட்பான். அவர் திணறுவார். செய்யாத வேலைக்குப் பதில் சொல்லத் தெரியாததால், செய்த நல்ல வேலையின் மீதும் சந்தேகம் விழும். அதே குழுவில் இருந்த மற்றவர்களும் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள், அதையும் மறக்காதீர்கள். ஒரு வரியை எழுதிவிட்டு, இதைப் பற்றி எதிரே இருப்பவர் பத்து நிமிடம் தோண்டிக் கேட்டாலும் நண்பர் நிம்மதியாகப் பேசுவாரா என்று யோசியுங்கள். சந்தேகம் வந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். என்னதான் அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

சம்பவம் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று சொல்லாதீர்கள். அவர் விடுப்பில் போனபோது எந்த வேலை நின்றது? எதற்காக மற்றவர்கள் அவர் மேசைக்கு வந்தார்கள்? அவர் போன பிறகும் யாராவது அவர் எழுதிவைத்த ஏதாவதொன்றைத் திறந்து பார்க்கிறார்களா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் இருக்கும், அதை எழுதுங்கள்.

சரி, அவரிடம் கேட்கலாமா என்றீர்கள். ஏன் சேர்க்கவில்லை என்று கேட்காதீர்கள், கஷ்டத்தில் இருக்கிறவரை அது சங்கடப்படுத்தும். இப்போது என்ன மாதிரி வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று கேளுங்கள். அதற்குப் பொருந்தும் சம்பவத்தைத் தேர்ந்தெடுத்து எழுதி, பெயர்களும் விவரங்களும் சரியா என்று முதலில் அவருக்குத் தனியாக அனுப்புங்கள். அவர் சரி என்றதும் லிங்க்ட்இன்னில் பழையதைத் திருத்திவிடுங்கள், கொடுத்த பரிந்துரையை மாற்ற அங்கே வழி இருக்கிறது. வேலை தேடிக்கொண்டிருக்கிறார், அதனால் இந்த வாரமே செய்யுங்கள்.