அதே யூனிவர்சிட்டிக்கு ரெண்டாவது தடவை: அந்த மூணு லெட்டர்தான் இடிக்குது

கேள்வி: அக்கா, போன டிசம்பர்ல அமெரிக்கால ஒரு யூனிவர்சிட்டிக்கு பயாலஜி பிஎச்.டி அப்ளை பண்ணேன். இன்டர்வியூக்கே கூப்பிடல, பிப்ரவரி கடைசில ரிஜெக்ட்னு மெயில் வந்துடுச்சு. என் மார்க் நல்லாவே இருக்கு, சிபாரிசு லெட்டர் குடுத்த மூணு பேரும் எனக்கு கிளாஸ் எடுத்த சார்ங்க. ஏன் பிஎச்.டி பண்ணணும்னு நாமளே எழுதற எஸ்.ஓ.பி கட்டுரைய நல்லா பாலிஷ் பண்ணி, ஜி.ஆர்.இ பரீட்சைய இன்னொரு தடவை எழுதி, அதே இடத்துக்கே திரும்ப போடலாமா?

பதில்: தம்பி, திரும்ப போடலாம், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா பாலிஷும் ஜி.ஆர்.இ-யும் மட்டும்னா இன்னொரு தடவை அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டி அதே மெயில வாங்கிட்டு வருவீங்க. நான் ஒரு டிபார்ட்மென்ட்ல நாலு வருஷம் அட்மிஷன் கமிட்டில உக்காந்து ஃபைல் படிச்சிருக்கேன், அங்க பார்த்தத வச்சுதான் சொல்றேன்.

முதல்ல உங்க ஃபைல் எந்த இடத்துல நின்னு போச்சுன்னு பாருங்க. ஒரு அப்ளிகேஷன் உள்ள போனதும் மார்க், இங்கிலீஷ் ஸ்கோர், பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு வடிகட்டல் நடக்கும். அதுல தப்பிச்சா ரெண்டு மூணு ப்ரொஃபசர்ங்க தனித்தனியா படிச்சு மார்க் போடுவாங்க. அதுல மேல வந்தவங்களுக்குதான் ஜனவரி, பிப்ரவரில இன்டர்வியூ. அப்புறம் ஆஃபர், வெயிட்லிஸ்ட். பணத்தோட ஆஃபர் வாங்கினவங்க பதில் சொல்ல அங்க நிறைய யூனிவர்சிட்டில ஏப்ரல் 15 வரைக்கும் டைம் உண்டு, அதனால வெயிட்லிஸ்ட்ல இருந்தவங்களுக்கு அந்த தேதியை ஒட்டிதான் இல்லைன்னு வரும். அப்படி வந்தவங்களுக்கு நான் சொல்ற பதிலே வேற, உங்க ஃபைல் நல்லாதான் இருந்துச்சு, சீட்டுதான் பத்தல, ஒண்ணு ரெண்டு விஷயம் சேர்த்து திரும்ப போடுங்கன்னுடுவேன். இன்டர்வியூ போய்ட்டு வந்து ரிஜெக்ட் ஆனா பேசின விதத்தையோ, அங்க யார் கூட வேலை செய்யப் போறோம்ங்கற பொருத்தத்தையோ பார்க்கணும். உங்களுக்கு இன்டர்வியூவே வரல, மார்க் நல்லா இருக்குங்கறீங்க, அப்போ வடிகட்டல்ல போகல, படிச்ச இடத்துலதான் போயிருக்கு. படிக்கறவங்க எதை படிக்கறாங்க? எஸ்.ஓ.பி-யும் லெட்டரும்தான்.

மூணும் கிளாஸ் எடுத்த சார்ங்கன்னு நீங்க எழுதினதுமே எனக்கு பாதி விஷயம் புரிஞ்சுடுச்சு. அந்த மாதிரி லெட்டர் எப்படி இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். என் பாடத்துல ஏ கிரேடு வாங்கினார், கிளாஸ்ல முதல் சில பேர்ல ஒருத்தர், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, மனமார பரிந்துரைக்கிறேன். ஒண்ணுமே பொய் இல்ல, ஆனா ஏ கிரேடு வாங்கினது மார்க் ஷீட்லயே இருக்கு, அதுக்கு எதுக்கு தனியா ஒரு லெட்டர்? பிஎச்.டி-க்கு ஆள் எடுக்கறவங்களுக்கு வேண்டியது வேற. ஆறு மாசம் ஒரு எக்ஸ்பெரிமென்ட் சொதப்பினா இந்த ஆள் என்ன பண்ணுவார்னு தெரியணும். அத பக்கத்துல இருந்து பார்த்தவங்கதான் எழுத முடியும், கிளாஸ் எடுத்தவரால எழுத முடியாது. அந்த சார் மேல தப்பு சொல்லல, அவர் பார்த்ததத்தான் அவர் எழுதுவார்.

நான் படிச்ச ஒரு ஃபைல பத்தி சொல்றேன். ஒரு பொண்ணு, உங்கள மாதிரியே முதல் தடவை மூணு கிளாஸ் லெட்டர், எஸ்.ஓ.பி ஆரம்பமே சின்ன வயசுல மைக்ரோஸ்கோப்ப பார்த்ததும் வந்த ஆச்சரியம். யார் கூட வேலை செய்ய ஆசைன்னு எழுதினதுல ஒருத்தர் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, வெப்சைட்ல அவர் பக்கம் மட்டும் அப்படியே இருந்துச்சு. நாங்க யாரும் அந்த ஃபைலுக்காக வாதாடல. அடுத்த வருஷம் அதே பேர் திரும்ப வந்துச்சு. பழைய ஃபைலையும் சிஸ்டம்ல தொறந்து பார்க்க முடிஞ்சதால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சேன் (எல்லா இடத்துலயும் இப்படி பார்க்க மாட்டாங்க, கமிட்டில ஆளும் மாறிட்டே இருப்பாங்க, ஆனா பார்ப்பாங்கன்னு நினைச்சே எழுதறது நல்லது). இடைல அவங்க ஒரு லேப்ல பிராஜெக்ட் அசிஸ்டன்ட்டா சேர்ந்திருக்காங்க. வேலை என்னன்னா, பாக்டீரியா கூட்டமா ஒட்டிக்கிட்டு உண்டாக்கற பயோஃபிலிம்ங்கற படலம் எவ்ளோ இருக்குன்னு அளக்கறது. 96 குழி இருக்கற பிளாஸ்டிக் பிளேட்ல வளர்த்து, கிரிஸ்டல் வயலெட் சாயம் ஊத்தி, கழுவி, ஒட்டின சாயத்த அசிட்டிக் ஆசிட்ல கரைச்சு, நிறம் எவ்ளோ ஆழமா இருக்குன்னு மெஷின்ல படிக்கணும். ஆரம்ப லேப்ல எல்லாரும் பண்றதுதான், பெரிய வித்தை ஒண்ணும் இல்ல.

ஆனா மூணு மாசமா ரிசல்ட் தாறுமாறா வந்திருக்கு. இவங்க பழைய பிளேட் ரீடிங் எல்லாத்தையும் குழி குழியா வரைஞ்சு பார்த்தப்போதான், ஓரத்துல இருக்கற குழிங்க மட்டும் எப்பவும் உள்ள இருக்கறதோட ஒத்துப்போகலன்னு தெரிஞ்சிருக்கு. ஓரக்குழில தண்ணி சீக்கிரம் ஆவியாகிடும், அதான் காரணம். அப்புறம் ஓரம் சுத்தி 36 குழிலயும் சுத்தமான தண்ணிய மட்டும் நிரப்பிட்டு உள்ள இருக்கற 60 குழிய மட்டும் யூஸ் பண்ணி, முதல்ல இருந்து எல்லாத்தையும் ரிப்பீட் பண்ணிருக்காங்க. இது புது கண்டுபிடிப்பு எல்லாம் இல்ல, அந்த வேலை செய்யறவங்களுக்கு தெரிஞ்ச பிரச்சனைதான். ஆனா லேப் ஹெட் எழுதின லெட்டர்ல ஒரு முழு பாரா இதுதான் இருந்துச்சு, யாரும் கேக்காமலே பழைய டேட்டாவ தோண்டி தப்ப கண்டுபிடிச்சாங்க, அதுல அவங்களோட சொந்த ரிசல்ட்டும் அடிபட்டுச்சு, அதை அவங்களே வந்து சொன்னாங்கன்னு. அந்த பாராவ படிச்சதும் எதிர் சீட்ல இருந்த ப்ரொஃபசர் "இந்த பொண்ண நான் பார்க்கணும்"னாரு. இன்டர்வியூ வந்துச்சு, சீட்டும் கிடைச்சுது. பேப்பர் ஒண்ணும் பப்ளிஷ் ஆகல, கவனிச்சுக்கோங்க.

உங்களுக்கும் இதே வழிதான். பிப்ரவரி கடைசில இருந்து டிசம்பர் டெட்லைன் வரைக்கும் ஒன்பது மாசம் இருக்கு. ஏப்ரல், மே-ல ஒரு லேப்ல சேர்ந்துட்டா லெட்டர் எழுதற நேரத்துக்கு உங்கள ஆறேழு மாசம் பார்த்த ஒருத்தர் கிடைப்பார். நீங்க படிச்ச டிபார்ட்மென்ட்லயே ஆள் தேவைப்படற லேப் இருக்கான்னு கேளுங்க, டெக்னீஷியன் வேலைனாலும் பரவாயில்ல. பெரிய பேர் லேப்னு தேடி, லேப் ஹெட்ட மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்க்கற இடத்துல போய் மாட்டிக்காதீங்க, அங்க கடைசில வர்ற லெட்டர் கிளாஸ் சார் லெட்டர விட மோசமா இருக்கும். பழைய மூணு பேர்ல உங்கள நல்லா தெரிஞ்ச ஒருத்தர வச்சுக்கிட்டு, மத்த ரெண்டுக்கு உங்க வேலைய பார்த்தவங்கள பிடிங்க. ரெண்டாவது ஆளா அதே லேப்ல உங்க கூட தினம் வேலை செஞ்ச சீனியர் சயின்டிஸ்ட் இருக்கலாம். வச்சுக்கற பழைய சாரும் புதுசா எழுதணும், போன வருஷ தேதியோட அதே லெட்டர் வந்தா பார்க்கவே நல்லா இருக்காது. ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டு, நீங்க செஞ்சது என்னென்ன, எது சொதப்புச்சு, அதுக்கு என்ன பண்ணீங்கன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க. "நீயே லெட்டர எழுதிட்டு வா, கையெழுத்து போடறேன்"னு சொன்னா அந்த பக்கத்த குடுத்துட்டு நழுவிடுங்க. ஒரே கை எழுதின மூணு லெட்டர படிக்கறவங்க ரெண்டாவது லெட்டர்லயே கண்டுபிடிச்சுடுவாங்க.

எஸ்.ஓ.பி-ய பாலிஷ் பண்ணவே பண்ணாதீங்க, பழைய ஃபைல தொறக்காம காலி பக்கத்துல இருந்து எழுதுங்க. லேப்ல வேலை செஞ்ச அப்புறம் உங்களுக்கே ஒரு கேள்வி உறுத்த ஆரம்பிக்கும், அதுல இருந்து ஆரம்பிச்சா போதும். ப்ரொஃபசர் பேர் போடறப்போ ரெண்டு மூணு பேர் போடுங்க, அவங்களோட கடைசி ரெண்டு மூணு வருஷ பேப்பர படிச்சுட்டு போடுங்க, செப்டம்பர்ல "அடுத்த வருஷம் புது ஸ்டூடன்ட் எடுக்கறீங்களா"ன்னு நாலு வரில ஒரு மெயில் போடுங்க. உங்க சப்ஜெக்ட்ல ஒரே ஒரு ப்ரொஃபசர்தான் இருக்கார், அவரும் ஆள் எடுக்கலன்னா, அந்த வருஷம் அந்த யூனிவர்சிட்டிக்கு எவ்ளோ நல்லா எழுதினாலும் கஷ்டம்தான். முன்னாடி அப்ளை பண்ணீங்களான்னு ஃபார்ம்ல கேட்டா ஆமான்னு உண்மைய போடுங்க. எஸ்.ஓ.பி-ல அத பத்தி எழுதணும்னா, போன தடவைக்கு அப்புறம் என்ன மாறிச்சுன்னு ஒரே ஒரு வரி, அவ்ளோதான், ஏன் கிடைக்கலன்னு விளக்கம் எல்லாம் வேண்டாம்.

ஜி.ஆர்.இ விஷயம்: நிறைய பயாலஜி ப்ரோகிராம் இப்போ அத கேக்கறதே இல்ல, வெப்சைட்ல பாருங்க, கேக்கலன்னா அந்த காசையும் ரெண்டு மாசத்தையும் மிச்சம் பண்ணுங்க. கேட்டாலும் அந்த ஸ்கோர் அஞ்சு வருஷத்துக்கு செல்லும், ரொம்ப குறைவா இருந்தா ஒழிய திரும்ப எழுத வேண்டாம். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் மட்டும் ரெண்டு வருஷம்தான், உங்க டெஸ்ட் தேதிய இன்னைக்கே எடுத்து பாருங்க.

ஒரு விஷயம் ஆகஸ்ட்ல உக்காந்து நேர்மையா யோசிங்க. லேப் கிடைக்க லேட் ஆகி, டிசம்பர்ல திரும்பவும் அதே மூணு சார்ங்க லெட்டர்தான் போகப் போகுதுன்னா, இந்த வருஷம் அந்த யூனிவர்சிட்டிக்கு போடாதீங்க. சில ப்ரோகிராம்ல ஒருத்தர் மொத்தம் எத்தனை தடவை அப்ளை பண்ணலாம்னு கணக்கு வச்சிருக்காங்க, ரூல் பேஜ்ல தேடிப் பாருங்க, அப்படி இருந்தா ஒரு சான்ஸ வீணாக்கின மாதிரி ஆகிடும். லேப்ல முழுசா ஒரு வருஷம் இருந்துட்டு அதுக்கு அடுத்த டிசம்பர்ல போடுங்க.