ஒரே ஊர், மூன்று நம்பிக்கைகள்: ஜெருசலேம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

நெல்லைக்காரன்: சார், உலகத்தில் இவ்வளவு இடம் இருக்க, மூணு மதமும் இந்த ஒரே ஊரைப் பிடிச்சுக்கிட்டது எப்படி? பெரிய வியாபார நகரமா அது?

வியாபாரத்துக்கும் அந்த ஊருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கடலோரப் பெருவழி மேற்கே தள்ளிப் போகிறது. ஆறும் இல்லை. ஆதி ஊருக்கு இருந்த ஒரே நிலையான நீர் கீகோன் ஊற்று. தாவீது அரசர் அதைத் தலைநகராக்கினார், அவர் மகன் சாலமோன் அங்கே ஆலயம் கட்டினார் என்கிறது எபிரேய வேதம். எல்லாம் அந்த ஆலயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மூன்று மதங்களும் தனித்தனியாக வந்து தற்செயலாக ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. யூதர்களுக்கு அது கடவுள் தம் பெயரை நிலைநிறுத்திய இடம். இயேசு யூதராகப் பிறந்து, அந்த ஆலயத்துக்குப் போய், அதே ஊரில் மரித்தார். இஸ்லாம் தாவீதையும் சாலமோனையும் இயேசுவையும் நபிமார்களாக ஏற்கிறது. ஆக, பின்னால் வந்தவர்கள் முன்னவர்களின் புனிதத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எதை இடம் மாற்றினார்கள் என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

பயணப்பிரியன்: எனக்குத் தெரிஞ்சு தங்கக் குவிமாடம் இருக்கிறதே, அதுதான் அல்-அக்ஸா மசூதி. அதன் கீழே இருக்கும் அழுகைச் சுவர் சாலமோன் கட்டிய ஆலயத்தின் சுவர். சரிதானே?

பாதி சரி. இடம் சரியாகச் சொன்னீர்கள், கட்டடங்களைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டீர்கள்.

சாலமோன் கட்டியதாகச் சொல்லப்படும் முதல் ஆலயத்தை கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர்கள் இடித்தார்கள். சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வந்து இரண்டாம் ஆலயத்தைக் கட்டினார்கள். ஏரோது மன்னன் அதைப் பிரமாண்டமாக விரிவுபடுத்தினான். மலை உச்சியில் அவ்வளவு சமதளம் கிடையாது. அதனால் சுற்றிலும் ராட்சதக் கற்களால் தாங்குசுவர் எழுப்பி, உள்ளே நிரப்பி, ஒரு மேடையை உண்டாக்கினான். கி.பி. 70-இல் ரோமத் தளபதி டைட்டஸ் ஆலயத்தைத் தரைமட்டமாக்கினான். மேடை மட்டும் தப்பியது. இன்று யூதர்கள் நின்று ஜெபிப்பது அந்த மேடையின் மேற்குத் தாங்குசுவர் முன்னால்தான். ஆலயத்தின் சுவர் அல்ல, சாலமோன் காலத்ததும் அல்ல.

மேலே தங்கக் குவிமாடத்தோடு இருப்பது பாறைக் குவிமாடம், அதாவது குப்பத்துஸ் ஸக்ரா. உமையா கலீபா அப்துல் மலிக் 691-692 வாக்கில் அதைக் கட்டி முடித்தார். உள்ளே ஒரு பாறை இருக்கிறது, அதைச் சுற்றி வருவதற்கு ஏற்ற எண்கோணக் கட்டடம் அது. தொழுகை மசூதி மேடையின் தென்கோடியில், சாம்பல் நிறக் குவிமாடத்தோடு இருக்கிறது. பலர் அல்-அக்ஸா என்று குறிப்பது அதைத்தான். முஸ்லிம்கள் பலர் முழு வளாகத்தையுமே அல்-அக்ஸா என்பார்கள், அந்தப் பொருளில் உங்கள் பேச்சு தப்பில்லை.

மேரி டீச்சர்: இயேசு ஆலயத்தில் போதித்தார், காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார். அப்படியிருக்க, கிறிஸ்தவர்கள் அந்த மலையை ஏன் விட்டுவிட்டார்கள்?

நல்ல கேள்வி டீச்சர். அவர்கள் மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டார்கள். ஆலயத்தின் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று இராதபடி இடிக்கப்படும் என்று இயேசு சொன்னது மாற்கு 13-இல் இருக்கிறது. கிறிஸ்தவப் பேரரசர்கள் ஏறக்குறைய 300 ஆண்டுகள் அந்த ஊரை ஆண்டார்கள், மலையை இடிபாடாகவே வைத்திருந்தார்கள். அந்தப் பாழடைந்த நிலையே அவர்களுக்குத் தீர்க்கதரிசனம் நிறைவேறியதற்குச் சாட்சி. 333-இல் போர்தோவிலிருந்து வந்த ஒரு யாத்திரிகர், யூதர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே வந்து துளையுள்ள ஒரு கல்லுக்கு எண்ணெய் பூசி அழுததாக எழுதி வைத்திருக்கிறார்.

கிறிஸ்தவர்கள் தங்கள் மையத்தை மேற்கே சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி அமைத்துக்கொண்டார்கள். ரோமர்கள் கட்டியிருந்த ஒரு கோயிலை கான்ஸ்டன்டைன் இடிக்கச் சொன்னார். அதன் அடியில் ஒரு கல்லறை வெளிப்பட்டது. இயேசுவை வைத்த கல்லறை இதுதான் என்று முடிவு செய்து அங்கே பேராலயம் எழுப்பி, 335-இல் பிரதிஷ்டை செய்தார்கள். அதுதான் திருக்கல்லறை ஆலயம்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். யூத மரபில் ஆலயம் நின்ற மோரியா மலைக்குச் சொல்லப்பட்ட பெருமைகள் ஒவ்வொன்றாக இங்கே குடிபெயர்ந்தன. ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன இடம் இதுவே என்றார்கள். உலகத்தின் நடுப்புள்ளி இங்கே என்றார்கள். இன்றும் ஆலயத்துக்குள் அதற்கு ஓர் அடையாளக் கல் உண்டு. ஆதாமின் மண்டையோடு, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா பாறையின் அடியில் இருப்பதாகவும், சிலுவையின் இரத்தம் வெடிப்பு வழியாக இறங்கி அதை நனைத்ததாகவும் மரபு வளர்ந்தது. கிறிஸ்துவே இனி ஆலயம் என்ற நம்பிக்கைக்குக் கல்லில் கொடுத்த உருவம் என்று இதை நான் வாசிக்கிறேன்.

காயல் வாசகர்: அஸ்ஸலாமு அலைக்கும். குர்ஆனில் ஜெருசலேமின் பெயரே இல்லை, ஆகவே முஸ்லிம்களுக்கு அது பின்னால் வந்த அரசியல் என்று சிலர் எழுதுகிறார்கள். ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸ்தான் எங்கள் முதல் கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் திசை. பகரா அத்தியாயத்தில் கிப்லா மாற்றம் இருக்கிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

வ அலைக்கும் ஸலாம் பாய். பதிலின் பெரும்பகுதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஊரின் பெயர் குர்ஆனில் இல்லை என்பது உண்மை. 17-ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் இறைவன் தன் அடியாரை இரவில் புனிதப் பள்ளியிலிருந்து 'தொலைவிலுள்ள பள்ளிக்கு' அழைத்துச் சென்றதைச் சொல்கிறது. அந்தப் பள்ளி ஜெருசலேமில்தான் என்பது முஸ்லிம் மரபில் நிலைபெற்ற கருத்து. நபிகள் அங்கே முந்தைய நபிமார்களுக்குத் தொழுகை நடத்தி, அங்கிருந்து வானேறினார் என்பது மிஃராஜ் பற்றிய நம்பிக்கை. மதீனாவுக்குப் போன பிறகும் 16 அல்லது 17 மாதங்கள் அந்தத் திசை நோக்கியே தொழுதார்கள் என்று ஹதீஸ் சொல்கிறது. மக்கா, மதீனாவுக்கு அடுத்தபடியாகப் பயணம் செய்து போகத் தகுந்த மூன்றாவது பள்ளியும் அதுவே.

அரசியல் அறவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பாறைக் குவிமாடத்தின் உட்புறக் கல்வெட்டைப் பாருங்கள். மர்யமின் மகன் ஈசா இறைத்தூதர், கடவுளுக்கு மகன் இல்லை என்று அது நேரடியாகக் கிறிஸ்தவர்களிடம் பேசுகிறது. திருக்கல்லறை ஆலயத்தின் குவிமாடத்துக்கு எதிரே ஒரு பதில் போல எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டில் மிஃராஜ் பற்றிய வசனம் இல்லை. அப்துல் மலிக் எதை மனதில் வைத்துக் கட்டினார் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

காயல் வாசகர்: ஒரு சிறு சேர்க்கை. இப்ராஹீம் நபி பலியிடத் துணிந்த மகன் யார் என்று குர்ஆன் பெயர் சொல்லவில்லை. இஸ்மாயீல் என்றும், இடம் மக்கா அருகே மினா என்றும்தான் எங்களில் பெரும்பாலோர் நம்புகிறோம்.

ஆமாம், நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சிக்கு யூதர்களுக்கு மோரியா, பழைய கிறிஸ்தவர்களுக்கு கொல்கொதா, முஸ்லிம்களுக்கு மினா.

பொறியாளன்: ஆக, முஸ்லிம்கள் தடுப்பதால்தான் யூதர்கள் மேலே போகாமல் கீழே சுவரில் நிற்கிறார்கள். அப்படித்தானே சொல்ல வருகிறீர்கள்?

அப்படிச் சொல்லவில்லை தம்பி. 1967 போருக்குப் பிறகு பாதுகாப்பு இஸ்ரேல் கையில். வளாகத்தின் உள் நிர்வாகம் ஜோர்டான் சார்ந்த வக்ஃப் கையில். முஸ்லிம் அல்லாதவர்கள் பார்க்கப் போகலாம், வழிபடக் கூடாது என்பது ஏற்பாடு. அண்மைக் காலமாக அது மீறப்படுகிறது என்பதுதான் இப்போதைய தகராறு.

ஆனால் அதற்கும் முன்னால் யூதச் சட்டமே ஒரு தடை போடுகிறது. ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் தலைமைக் குரு மட்டும், அதுவும் பாவநிவாரண நாளில் மட்டும்தான் நுழையலாம். அந்த இடம் எங்கே என்று நிச்சயமாகத் தெரியாது. தெரியாமல் மிதித்துவிட்டால்? தீட்டு நீக்கும் சிவப்புக் கிடாரியின் சாம்பலும் இப்போது இல்லை. அதனால் யாரும் மேலே போகக் கூடாது என்று தலைமை ரபிமார் வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள். சில ரபிகள், குறிப்பிட்ட பகுதிகள் வரை போகலாம் என்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை கூடிவருகிறது.

குவிமாடத்தின் கீழ் உள்ள பாறையே அந்த ஸ்தலம் என்பது பெரும்பான்மைக் கருத்து. பலிபீடம்தான் அங்கே இருந்தது என்பாரும் உண்டு. தோண்டிப் பார்க்க யாரும் விடப்போவதில்லை.

திருச்சி ஸ்டெல்லா: ஐயா, அம்மாவுடன் சர்ச் குரூப்பில் போகிறேன். தோட்டக் கல்லறைதான் உண்மையான கல்லறை என்று எங்கள் பாஸ்டர் சொல்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. எதற்குப் போவது?

தோட்டக் கல்லறை தமஸ்கு வாசலுக்கு வெளியே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட்டுகள் மத்தியில் பிரபலமானது. காரணம் இருந்தது: இயேசுவை நகருக்கு வெளியே அறைந்தார்கள் என்கிறது வேதம், திருக்கல்லறை ஆலயமோ இன்றைய மதிலுக்குள் இருக்கிறது. ஆனால் இன்றைய மதில் 16-ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் கட்டியது. இயேசு காலத்து மதில் வேறு தடத்தில் போனது, அப்போது அந்த இடம் வெளியேதான் இருந்தது. ஆலயத்துக்குள் அந்தக் காலத்துப் பாறைக் கல்லறைகள் இருப்பதும் அதைத்தான் காட்டுகிறது, ஊருக்குள் யாரும் அடக்கம் செய்வதில்லையே. தோட்டக் கல்லறையோ இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். வேதமோ அது புதிய கல்லறை என்கிறது. அதற்காக திருக்கல்லறை நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், பொருத்தம் கூடுதல், அவ்வளவுதான். ஜெபிக்க அமைதி வேண்டுமென்றால் தோட்டத்துக்கும் தாராளமாகப் போங்கள்.

திருக்கல்லறை ஆலயத்தில் நுழைந்ததும் வலப்பக்கம் கொல்கொதாவுக்கு ஏறும் படிகள் மிகச் செங்குத்து. அம்மா ஏற வேண்டாம். கீழேயே ஆதாம் சிற்றாலயத்தில் கண்ணாடி வழியாக அதே பாறையைப் பார்க்கலாம். கல்லறைக்குள் போக வரிசை நீளம், உள்வாசல் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். ஆறு சபைகள் பங்குபோட்டு நடத்தும் ஆலயம் அது, ஒரு சபையின் ஆராதனை நேரத்தில் வரிசையை நிறுத்திவிடுவார்கள். கோபப்படாதீர்கள், நாற்காலியை நகர்த்தியதற்கே அங்கே துறவிகள் கைகலந்திருக்கிறார்கள்.

திருச்சி ஸ்டெல்லா: நன்றி ஐயா. தங்கக் குவிமாடத்தையும் பக்கத்தில் பார்க்க முடியுமா?

முடியும், வளாகத்துக்குள் மட்டும். நாம் போகும் வழி மேற்குச் சுவருக்குப் பக்கத்திலுள்ள முக்ராபி வாசல். வெள்ளி, சனி கிடையாது, மற்ற நாட்களிலும் குறுகிய நேரம்தான், பதற்றம் இருந்தால் முன்னறிவிப்பின்றி மூடிவிடுவார்கள். வேதாகமத்தை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள், சோதனையில் வாங்கி வைத்துவிடக்கூடும். கட்டடங்களுக்குள் முஸ்லிம்களுக்கு மட்டுமே அனுமதி.